சாஸில் பிரட்டியும் மொறுமொறுப்பு குறையாத காலிஃபிளவர்: சோளமாவு செய்யும் வேலை என்ன?

சிராங்கூன் சாலையிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் உள்ள சைவ உணவகங்களில் ‘கோபி மஞ்சூரியன்’ இல்லாத உணவுப் பட்டியலைக் காண்பது அரிது. மேசைக்கு வந்தவுடன் சாப்பிட்டால் வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மென்மையாகவும் இருக்கும். அதையே பொட்டலம் கட்டிக்கொண்டு பெருவிரைவு ரயிலில் வீடு போய்ச் சேர்ந்து, மூடியைத் திறந்து பார்த்தால் கதை வேறு. மேல்மாவு ஊறித் தோல் போலக் கழன்று வரும். காலிஃபிளவர் தனியாக, சாஸ் தனியாகக் கிடக்கும்.

வீட்டில் செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் சீக்கிரமாகவே வந்துவிடுகிறது. வாணலியில் இருந்து தட்டுக்கு மாறுவதற்குள்ளேயே சில நேரம் நொய்ந்துவிடும். “சோளமாவு கூடுதலாகப் போடுங்கள்” என்பது பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை. அது பாதி உண்மைதான். சோளமாவு ஏன் உதவுகிறது, எந்த அளவுக்குமேல் உதவாது என்பது தெரிந்தால் மீதிப் பாதியை நாமே சரிசெய்துகொள்ளலாம்.

மும்பையில் பிறந்த ‘சீன’ உணவு

மஞ்சூரியனுக்கும் சீனாவின் மஞ்சூரியா வட்டாரத்துக்கும் சமையல் உறவு எதுவும் இல்லை. கோல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையற்கலைஞர் நெல்சன் வாங், 1975ஆம் ஆண்டு வாக்கில் மும்பையில் உள்ள இந்திய கிரிக்கெட் மன்றத்தில் பணியாற்றியபோது கோழி மஞ்சூரியனை உருவாக்கினார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இந்தியச் சமையலுக்குரிய இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை எடுத்துக்கொண்டு, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸும் சோளமாவும் சேர்த்தார். கோழியின் இடத்தில் காலிஃபிளவர் வந்தபோது ‘கோபி’ மஞ்சூரியன் ஆனது. பின்னர் காளானும் பனீரும் அதே வழியில் வந்தன.

சிங்கப்பூரர்களுக்கு இந்த முறை வேறொரு பக்கத்திலிருந்தும் அறிமுகமானது. அக்கம்பக்கக் காப்பிக்கடைகளில் ‘ஸி சார்’ எனப்படும் சீனச் சமையல் கடைகள் விற்கும் இனிப்புப் புளிப்பு இறைச்சியும் அடிப்படையில் இதே வேலைதான். துண்டுகளில் மாப்பொருளைப் பூசி, இருமுறை பொரித்து, கெட்டியான சாஸில் கடைசி நொடியில் பிரட்டி எடுக்கிறார்கள். கோபி மஞ்சூரியனில் நாம் படும் பாட்டுக்கான பதில் அந்த மூன்று சொற்றொடர்களிலேயே இருக்கிறது.

மொறுமொறுப்பைக் கெடுப்பது இரண்டு தண்ணீர்

சாஸ் ஊற்றியதால் நொய்ந்துபோனது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் மேல்மாவை இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் தாக்குகிறது.

முதலாவது, உள்ளே இருக்கும் தண்ணீர். காலிஃபிளவர், மொட்டுக் காளான் இரண்டிலும் எடையில் ஏறத்தாழ 92 விழுக்காடு தண்ணீர்தான். பொரிக்கும்போது அது நீராவியாக மாறி வெளியேறும். எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் உள்சூட்டினால் ஆவி தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் சாஸே ஊற்றாத காலிஃபிளவர் வறுவலும் 10 நிமிடத்தில் நொய்ந்துவிடுகிறது.

இரண்டாவது, வெளியே இருக்கும் சாஸின் தண்ணீர். பொரித்த மேல்மாவு நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு பஞ்சு போன்றது. துளைகள் பெரிதாக இருந்தால், சாஸ் நீர்த்திருந்தால், உறிஞ்சுதல் விரைவாக நடக்கும்.

நம் ஊர்க் காற்றும் உதவாது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். பொரித்த உணவைத் திறந்தே வைத்திருந்தாலும் இங்கு அது நீண்ட நேரம் மொறுமொறுப்பாக இருக்காது.

ஆக, செய்ய வேண்டியது ஒன்றுதான். உள்தண்ணீரை முன்கூட்டியே குறைப்பது, வெளித்தண்ணீர் உள்ளே போக நேரம் பிடிக்கும்படி செய்வது. சோளமாவின் பங்கு இந்த இரண்டாவது வேலையில்தான் பெரிது.

மைதாவும் சோளமாவும் பொரியும் விதம்

மைதாவில் ஏறத்தாழ 10 விழுக்காடு புரதம் உண்டு. தண்ணீர் சேர்த்துக் கலக்கும்போது அந்தப் புரதம் குளூட்டன் என்ற இழுபடும் வலையாகிறது. சப்பாத்தி மாவை இழுத்தால் நீள்வது அதனால்தான். பொரித்தவுடன் இந்த வலை முறுகலாக இருந்தாலும், ஈரம் பட்டவுடன் மீண்டும் தோல்போல இழுபடும் தன்மைக்குத் திரும்பிவிடும். ஊறிய மஞ்சூரியனைக் கடிக்கும்போது மேல்மாவு மொத்தமாகக் கழன்று வருவது இதனால்தான்.

சோளமாவு ஏறக்குறைய முழுவதும் மாப்பொருள். புரதம் மிகச் சொற்பம், குளூட்டன் அறவே இல்லை. தண்ணீரில் கலந்த சோளமாவு, ஏறத்தாழ 62 முதல் 72 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வீங்கிக் கூழாகும். எண்ணெயின் சூடு அதைவிட மிக அதிகம் என்பதால் அந்தக் கூழிலிருந்த தண்ணீர் வேகமாக வெளியேற, கண்ணாடி போன்ற விறைப்பான படலம் மிஞ்சும். சோளமாவின் மாப்பொருளில் ஏறத்தாழ கால் பங்கு அமைலோஸ் என்ற நேர்ச்சங்கிலி வகை. விறைப்பான படலத்தை உருவாக்குவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. இந்தப் படலம் சாஸை மைதாவைப் போல விரைவாக உறிஞ்சாது.

அப்படியானால் முழுவதும் சோளமாவிலேயே செய்துவிடலாமே என்று தோன்றும். அதில் மூன்று சிக்கல்கள் உண்டு. ஒன்று, சோளமாவுக் கரைசல் ஒட்டாது. கலக்கி வைத்த 2 நிமிடத்தில் மாவு பாத்திரத்தின் அடியில் படிந்து, மேலே வெறும் தண்ணீர் நிற்கும். இரண்டு, புரதம் இல்லாததால் பொன்னிறமாகச் சிவக்காமல் வெளிறியே இருக்கும். மூன்று, தடிமனாகப் பூசினால் ஆறியதும் கல் போல இறுகிவிடும். ஒட்டுவதற்கும் சிவப்பதற்கும் கொஞ்சம் மைதா வேண்டும். சிறிது அரிசி மாவும் சேர்த்தால் கடிக்கும்போது நறுக்கென்று உடையும் தன்மை கூடும்.

கடலை மாவில் செய்யும் காலிஃபிளவர் பஜ்ஜி தனியாகச் சாப்பிட அருமையானது. ஆனால் கடலை மாவில் புரதமும் கொழுப்பும் அதிகம். பொரியும்போது உப்பி, மென்மையான பஞ்சாகும். அதைச் சாஸில் போட்டால் ஒரு நிமிடத்தில் ஊறிவிடும். மஞ்சூரியனுக்கு அது பொருந்தாது.

சரியான மாவை வாங்குங்கள்

தமிழில் ‘சோளமாவு’ என்ற ஒரே சொல் மூன்று பொருள்களைக் குறிக்கிறது. ஒன்று வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவு, அதாவது ரொட்டி சுடும் ஜோவர் மாவு. இன்னொன்று மக்காச்சோளத்தை முழுதாக அரைத்த மஞ்சள் மாவு. மூன்றாவதுதான் நமக்கு வேண்டிய, மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த தூய வெள்ளை மாப்பொருள். தமிழ்நாட்டில் இதைக் ‘கார்ன்ஃபிளார்’ என்கிறார்கள். சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் ‘கார்ன் ஃபிளார்’ என்றும் ‘கார்ன் ஸ்டார்ச்’ என்றும் இரு பெயர்களில் வருவது பெரும்பாலும் இந்த வெள்ளை மாவுதான். ஆனால் லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் மூன்றும் பக்கத்துப் பக்கத்து அடுக்குகளில் இருக்கக்கூடும்.

ஐயம் இருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. சிறிதளவு மாவை விரல்களுக்கிடையே அழுத்தித் தேய்த்தால் கிறீச்சென்று உரசுவது தெரியும். கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, மெதுவாகச் சாய்த்தால் ஓடும். விரலால் வேகமாகக் குத்தினால் திடப்பொருள் போல எதிர்க்கும். மற்ற இரு மாவுகளும் இப்படிச் செய்வதில்லை.

500 கிராம் காலிஃபிளவருக்கு ஒரு கணக்கு

நான்கைந்து பேர் சாப்பிடும் அளவை எடுத்துக்கொள்வோம். நறுக்கிய பிறகு 500 கிராம் வரும் ஒரு நடுத்தரக் காலிஃபிளவர் போதும். தேக்கா நிலையத்தின் ஈரச்சந்தையில் இறுக்கமான வெள்ளைப் பூவும், காம்பு நீண்டு பச்சையாகத் தெரியும் தளர்வான பூவும் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் இரு விரல் அகலத்துக்கு மேல் பெரிய துண்டு வேண்டாம். துண்டு பெரிதானால் உள்ளே வேக நேரமாகும், அதற்குள் தண்ணீரும் அதிகமாக வெளிவரும்.

கொதிக்கும் உப்புத் தண்ணீரில் துண்டுகளைப் போட்டு அடுப்பை அணைத்து, 2 நிமிடத்தில் வடிகட்டுங்கள். பூச்சி இருந்தால் நீங்கும், காயும் பாதி வெந்துவிடும். அடுத்த படியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். வடிகட்டியில் குவியலாக விட்டுவிட்டால் பூவின் இடுக்குகளில் தண்ணீர் தேங்கும். சூடாக இருக்கும்போதே சுத்தமான துணியில் காம்பு மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பரப்பி, மின்விசிறிக்கடியில் 20 நிமிடம் விடுங்கள். சூட்டினாலேயே ஈரம் ஆவியாகிவிடும். தொட்டால் கையில் ஈரம் ஒட்டக்கூடாது.

இப்போது 1 மேசைக்கரண்டி உலர்ந்த சோளமாவைத் தூவிக் குலுக்குங்கள். மிஞ்சிய ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், கரைசலுக்குப் பிடிமானமும் கிடைக்கும். பொரிக்கும்போது மேல்மாவு கழன்று எண்ணெயில் மிதப்பதற்கு இந்தப் படி இல்லாததே பெரும்பாலும் காரணம்.

கரைசலுக்கு அரைக் கோப்பை சோளமாவு, கால் கோப்பை மைதா, 2 மேசைக்கரண்டி அரிசி மாவு. எடையில் சொன்னால் முறையே ஏறத்தாழ 65, 30, 20 கிராம். முக்கால் தேக்கரண்டி உப்பு, 1 தேக்கரண்டி காஷ்மீர் மிளகாய்த் தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத் தூள், 1 தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது. இவற்றில் குளிர்ந்த தண்ணீர் ஏறத்தாழ 120 மில்லிலிட்டரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கரைக்க வேண்டும். முழுவதையும் ஒரேயடியாக ஊற்றிவிட வேண்டாம். மாவுக்கு மாவு தண்ணீர் இழுக்கும் அளவு மாறும்.

பதம் தெரிந்துகொள்ள ஒரு துண்டை முக்கி எடுங்கள். கரைசல் மெல்லிய போர்வையாகப் படிந்து, 2 அல்லது 3 சொட்டு வடிந்து நிற்க வேண்டும். பூவின் வடிவம் வெளியே தெரிய வேண்டும். வடிவமே தெரியாமல் மூடினால் கெட்டி, பூவின் நிறம் அப்படியே தெரிந்தால் நீர்ப்பு. குளிர்ந்த தண்ணீர் குளூட்டன் உருவாவதைத் தாமதப்படுத்தும். மைதா சேர்த்த பிறகு நெடுநேரம் கலக்காதீர்கள். ஒவ்வொரு முறை துண்டுகளை முக்கும் முன்பும் அடியிலிருந்து ஒருமுறை கிளறிவிட மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் முதல் ஈடு நீர்த்தும் கடைசி ஈடு கல்லாகவும் வரும்.

சமையல் சோடா அல்லது பேக்கிங் பவுடர் சேர்ப்பவர்கள் உண்டு. ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் மேல்மாவில் துளைகள் பெரிதாகி, சாஸை இன்னும் வேகமாகக் குடிக்கும். தனியாகச் சாப்பிடும் வறுவலுக்குச் சரி, சாஸில் பிரட்டுவதற்கு வேண்டாம்.

இரண்டு முறை பொரிப்பது ஏன்?

உணவகத்தின் பெரிய அடுப்புக்கும் வீவக வீட்டு அடுப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரியும். குளிர்ந்த துண்டுகள் விழுந்தவுடன் வீட்டு வாணலியின் எண்ணெய்ச் சூடு சட்டென்று இறங்கிவிடும், மீண்டும் ஏற நேரமாகும். சூடு குறைந்த எண்ணெயில் மேல்மாவு இறுகுவதற்குள் எண்ணெயைக் குடித்துவிடும். எனவே 1 லிட்டர் எண்ணெயில் ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் போட வேண்டாம். துண்டுகளை ஒவ்வொன்றாக விடுங்கள்.

முதல் பொரிப்பு 170 டிகிரியில், 3 முதல் 4 நிமிடம். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டுக் கரைசலை விட்டுப் பாருங்கள். அது பாதி ஆழம் வரை இறங்கி உடனே மேலே வந்தால் சரியான சூடு. அடியிலேயே தங்கினால் சூடு போதாது. விழுந்த இடத்திலேயே சிவந்தால் சூடு அதிகம். இந்தக் கட்டத்தில் நிறம் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். எடுத்துக் கம்பி வலைமேல் பரப்புங்கள். காகிதத்தின்மேல் குவித்தால் அடித்துண்டுகள் தம் ஆவியிலேயே வெந்து நொய்ந்துவிடும்.

குறைந்தது 10 நிமிடம் இப்படியே இருக்கட்டும். இந்த இடைவெளியில் உள்ளேயிருந்த ஈரம் மெல்ல மேல்மாவுக்கு வந்து சேரும். முறுகல் குறைந்தது போலத் தோன்றும், கவலை வேண்டாம். பிறகு 190 டிகிரி எண்ணெயில் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் மீண்டும் பொரிக்கும்போது, வெளியே வந்து நிற்கும் அந்த ஈரம் போய்விடும். உள்ளேயிருந்து இனி வருவதற்கு ஈரமும் குறைவாகவே இருக்கும். முதல் பொரிப்பு காயை வேகவைக்கிறது, இரண்டாவது மேல்மாவை உலர்த்துகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

போதுமா என்பதைக் காதாலேயே அறியலாம். இரண்டாவது பொரிப்பின் தொடக்கத்தில் எண்ணெய் சடசடவென்று கொதிக்கும். ஈரம் குறையக் குறைய ஓசை அடங்கி, குமிழிகளும் சிறுத்துவிடும். அப்போது எடுத்துக் கரண்டியால் தட்டினால் ‘டக் டக்’ என்று கெட்டியான ஒலி வரும்.

காளானுக்கு வேறு வழி

காலிஃபிளவருக்குச் சொன்ன வெந்நீர்க் குளியல் காளானுக்கு ஆகாது. காளான் பஞ்சு போன்றது. தண்ணீரில் ஊறவிட்டால் உறிஞ்சிக்கொள்ளும், பொரிக்கும்போது அதை எண்ணெயில் கக்கும். மொட்டுக் காளானை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். கழுவியே தீர வேண்டுமென்றால் ஓடும் நீரில் சில நொடிகள் காட்டி உடனே துணியில் ஒற்றி எடுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை உப்பு. நறுக்கிய காளானில் உப்பையோ சோயா சாஸையோ போட்டு ஊறவைத்தால், உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடும். பாத்திரத்தின் அடியில் குளமாக நிற்பதைப் பார்க்கலாம். அதன்மேல் எந்த மாவும் நிற்காது. உப்பு கரைசலிலும் சாஸிலும் மட்டும் இருக்கட்டும்.

சிறிய காளானை முழுதாகவும் பெரியதைப் பாதியாகவும் வெட்டி, உலர்ந்த சோளமாவைச் சற்றுத் தாராளமாகத் தூவி, உடனே கரைசலில் முக்கிப் பொரிக்க வேண்டும். இங்கே பூச்சில் இடைவெளி இருக்கக்கூடாது. ஓட்டை இருந்தால் அதன் வழியே தண்ணீர் பீறிட்டு எண்ணெய் தெறிக்கும். அந்த இடத்தில் மேல்மாவும் கிழியும். இத்தனை செய்தாலும் காளான், காலிஃபிளவர் அளவுக்கு நேரம் தாங்காது. வெந்த பிறகும் அது தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். காளான் மஞ்சூரியனை உடனே பரிமாறுவதுதான் வழி.

சாஸ் பூச்சாக வேண்டும், குளமாக அல்ல

பொரித்தது எவ்வளவு சரியாக இருந்தாலும் நீர்த்த சாஸ் அதைக் கெடுத்துவிடும். 500 கிராம் காலிஃபிளவருக்கு 2 மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பூண்டு 1 மேசைக்கரண்டி, இஞ்சி 1 தேக்கரண்டி, கீறிய பச்சை மிளகாய் 2 சேர்த்து வதக்குங்கள். சதுரமாக வெட்டிய ஒரு வெங்காயத்தையும் பாதிக் குடைமிளகாயையும் உச்சத் தீயில் 1 நிமிடம் மட்டும் புரட்டுங்கள். அதற்குமேல் வதக்கினால் அவையும் தண்ணீர் விடும்.

சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, மிளகாய் சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, தக்காளி சாஸ் 1 மேசைக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி. இவற்றில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் தனி உப்பை ருசி பார்த்தே சேர்க்க வேண்டும். சைவம் மட்டும் உண்பவர்கள் புட்டியின் ஒட்டுச்சீட்டைப் படிப்பது நல்லது. சிப்பி சாஸுக்குப் பதிலாகக் காளானில் செய்த சைவ வகையும் கடைகளில் உண்டு.

கடைசியாக 1 தேக்கரண்டி சோளமாவை 3 மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். சோளமாவு இங்கே இரண்டாவது முறையாக வேலை செய்கிறது. கொதிக்கும்போது வீங்கி, சாஸின் தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்ட தண்ணீர் மேல்மாவுக்குள் புக நேரமாகும். சாஸ் நன்றாகக் கொதித்து வெண்மை மறைந்து பளபளப்பாக வேண்டும். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு ஓரிரு நொடி மூடாமல் தெரிய வேண்டும். அதுதான் பதம்.

அடுப்பை அணைத்துவிட்டு, சூடாக இருக்கும் துண்டுகளைக் கொட்டி 20 முதல் 30 நொடிக்குள் பிரட்டி எடுங்கள். எல்லாத் துண்டிலும் மெல்லிய பூச்சு படிந்து, வாணலியில் சாஸ் மிச்சமே இல்லாமல் இருப்பதுதான் சரியான அளவு. மூடி போட்டு வைக்காதீர்கள்.

‘கிரேவி’ மஞ்சூரியன் விரும்புவோர் உண்டு. அதில் மொறுமொறுப்பை எதிர்பார்க்க முடியாது. அதற்கு இருமுறை பொரிக்கும் உழைப்பும் தேவையில்லை.

இரவு 7.30க்கு விருந்தினர் வந்தால்

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்போ பிறந்தநாளோ, விருந்தினர் வரும் நேரத்தில் பொரித்துக்கொண்டு நிற்க யாருக்கும் விருப்பமில்லை. காலையிலேயே முழுதாகச் செய்து வைத்தால் நொய்ந்துவிடும். இருமுறைப் பொரிப்பின் உண்மையான பயன் இங்கேதான். வேலையை இரண்டாகப் பிரிக்கலாம்.

மாலை 5.30க்கு நறுக்கி, வெந்நீரில் இட்டு, உலர வையுங்கள். 6.20க்கு முதல் பொரிப்பைத் தொடங்கினால் நான்கு ஈடுகளும் 6.45க்குள் முடியும். துண்டுகள் கம்பி வலைமேல் மூடாமல் இருக்கட்டும். 7.15க்குச் சாஸைச் செய்து வாணலியிலேயே வையுங்கள். விருந்தினர் அமர்ந்ததும் எண்ணெயை மீண்டும் சூடாக்கி, இரண்டாவது பொரிப்பை ஐந்தாறு நிமிடத்தில் முடித்து, சாஸைக் கொதிக்கவிட்டுப் பிரட்டினால் தட்டு தயார்.

முதல் பொரிப்புக்கும் இரண்டாவதுக்கும் இடையே 2 மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது பாதுகாப்பு. எண்ணெய்க்குப் பதில் ஏர் ஃபிரையரில் 200 டிகிரியில் 4 முதல் 5 நிமிடம் வைத்தும் இரண்டாவது பொரிப்பை ஈடுகட்டலாம். ஆனால் பச்சைக் கரைசலில் முக்கிய துண்டை நேரே ஏர் ஃபிரையரில் வைத்தால் கரைசல் வடிந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். முதல் பொரிப்பு எண்ணெயில்தான் நடக்க வேண்டும்.

எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க

சாஸில் போடும் முன்பே ஒரு துண்டைத் தனியாக எடுத்து வையுங்கள். எந்த ஈரம் குற்றவாளி என்பதை அது சொல்லிவிடும். சாஸ் படாத அந்தத் துண்டும் 10 நிமிடத்தில் நொய்ந்துவிட்டால், பிசகு உள்ளே இருக்கிறது: காய் சரியாக உலரவில்லை, அல்லது இரண்டாவது பொரிப்பு போதவில்லை. அது முறுகலாகவே இருந்து, சாஸில் போட்டவை மட்டும் ஊறியிருந்தால், சாஸ் நீர்த்துவிட்டது அல்லது அளவு அதிகம்.

மேல்மாவு எண்ணெய்ப்பசையாக இருந்தால் எண்ணெய்ச் சூடு போதவில்லை. கடிக்கக் கல்லாக இருந்தால் கரைசல் கெட்டி, அல்லது அடியில் படிந்த சோளமாவு கடைசித் துண்டுகளில் சேர்ந்துவிட்டது. வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் உலர்மாவு அதிகமாகி, கரைசல் எல்லா இடத்திலும் படியவில்லை.

நிறம் வெளிறியிருப்பது மட்டும் பிசகு அல்ல. சோளமாவு மிகுந்த மேல்மாவு இயல்பாகவே அதிகம் சிவக்காது. அந்த வெளிறலை மறைக்கத்தான் சில கடைகளில் செயற்கைச் சிவப்பு சேர்க்கும் பழக்கம் வந்தது. 2024 மார்ச்சில் இந்தியாவின் கர்நாடக மாநில அரசு, கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிகளைச் சேர்க்கத் தடை விதித்தது. வீட்டில் காஷ்மீர் மிளகாய்த் தூளும் சாஸும் தரும் நிறமே போதும்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும் சாஸில் பிரட்டிய காலிஃபிளவர் ஏறத்தாழ 15 நிமிடம் நன்றாக இருக்கும். அதன் பிறகு மெல்ல நொய்யத் தொடங்கும். தண்ணீரைத் தாமதப்படுத்தலாமே தவிர, நிறுத்த முடியாது. மைதா மட்டும் போட்ட கரைசலோடு ஒப்பிட்டால் இந்த 15 நிமிடமே பெரிய ஆதாயம். ஒரு குடும்பம் உட்கார்ந்து தட்டைக் காலி செய்ய அது போதும்.

கட்டிக்கொண்டு போவதானால் கணக்கு மாறுகிறது. மூடிய நெகிழிப் பெட்டிக்குள் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி மீண்டும் துண்டுகள்மேல் சொட்டும். இதற்கு எந்த மாவும் ஈடுகொடுக்காது. கடையில் வாங்கும்போது சாஸைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். வறுவலைக் காகிதப் பையிலோ, மூடியைச் சற்றுத் திறந்தோ எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் வறுவலை ஏர் ஃபிரையரில் 4 நிமிடம் சூடாக்கி, சாஸைத் தனியாகக் கொதிக்கவிட்டு, சாப்பிடப்போகும் நேரத்தில் பிரட்டினால் கடை மேசையில் சாப்பிட்டதற்கு மிக நெருக்கமாக வரும்.